நாலு லட்சம் ஃபைல்கள்

மேற்கு தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் நிரந்தரம். ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவர், இன்னொருவர் கணக்கு எழுதுபவர். இருவர் கையிலும் ஒரே மாதிரி ஹார்டு டிஸ்க்தான் இருக்கும். காப்பி செய்யச் சொல்வதும் ஏறக்குறைய அதே நாற்பது ஜிபிதான். வீடியோக்காரர் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவர் வேலை முடிந்திருக்கும். கணக்கு எழுதுபவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் பச்சைக் கோடு பாதியில்தான் நிற்கும். "அவருக்கு மட்டும் உடனே முடிச்சுக் குடுத்தீங்களே" என்று கேட்பார். கேட்பதில் தப்பில்லை. கடையில் அரிசி வாங்கினாலும் சர்க்கரை வாங்கினாலும் ஒரு கிலோ ஒரு கிலோதானே என்று பழகியவர்கள் நாம்.

இந்த வித்தியாசத்தை வாயால் சொல்லிப் புரியவைக்க நான் ரொம்ப நாள் சிரமப்பட்டேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்த ஒரு டிஸ்க்தான் அதைக் கணக்காகப் போட்டுக் காட்டக் கற்றுக்கொடுத்தது.

அந்த டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் மறக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு கடை வாசலில் சேறு படிந்த கேபினெட்டுகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. முழுக்க மூழ்கிய டிஸ்க்குகளில் நான் கை வைக்கவில்லை. ஹார்டு டிஸ்க் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. அது வழியாக உள்ளே தண்ணீர் போயிருந்தால் கரண்ட் கொடுத்த நொடியே தட்டு கீறிக்கொள்ளும். அந்த மாதிரி டிஸ்க்கைத் தூசியில்லாத அறை உள்ளவர்கள்தான் திறக்க வேண்டும்.

முடிச்சூர் சாலையில் தரைத்தளத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு ஆடிட்டரின் கேபினெட்டும் அவற்றில் ஒன்று. மேஜை மேல் இருந்ததால் கீழ்ப்பாதிதான் நனைந்திருந்தது. பவர் சப்ளையும் மதர்போர்டும் போய்விட்டன. மேல்தட்டில் மாட்டியிருந்த 500 ஜிபி டிஸ்க் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே தப்பியிருந்தது. நன்றாகக் காயவைத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் சுற்றியது. ஆனால் அதன் உடல்நிலை அறிக்கையில் Current Pending Sector என்ற வரியில் பூஜ்யம் இல்லை. படிக்கத் தடுமாறும் இடங்கள் தட்டில் இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். வயதான டிஸ்க், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

ஆடிட்டருக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் வருடவாரியாகப் பில்களின் ஸ்கேன், டேலி டேட்டா, சலான். மொத்தம் 38 ஜிபி. கடையில் இருந்த தம்பி ரைட் கிளிக் செய்து காப்பி போட்டுவிட்டான். மொத்தம் எவ்வளவு என்று எண்ணி முடிக்கவே விண்டோஸ் நெடுநேரம் எடுத்துக்கொண்டது. எண்ணி முடித்துக் காட்டியது சுமார் நாலு லட்சம் ஃபைல். பிறகு காப்பி ஓட ஆரம்பித்தது. நொடிக்கு முப்பது ஃபைல் போல நகர்ந்தது. வேகம் என்று காட்டிய இடத்தில் 3 MB/s-க்குக் கீழே. நடுநடுவே டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம்.

"அண்ணா, கேபிள் லூஸா?" என்றான்.

கேபிளில் ஒன்றும் இல்லை. நொடிக்கு நூறு எம்பி கொடுக்கக்கூடிய டிஸ்க் அது. அது ஏன் மூன்றில் ஊர்ந்தது என்பதற்குத் தட்டின் மேல் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு. ஒரு ஃபைலைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் ஹெட் அந்த ஃபைல் இருக்கும் தடத்துக்கு நகர வேண்டும். இந்த வகை டிஸ்க்கில் அதற்குச் சராசரியாக 9 மில்லி செகண்டு ஆகும். தடத்துக்கு வந்த பிறகும் நமக்கு வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு ஹெட்டுக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி செகண்டு. ஆக ஓரிடத்தைப் போய்ச் சேரவே 13 மில்லி செகண்டு. நொடிக்கு எழுபது எண்பது தடவைக்கு மேல் இந்த ஹெட்டால் இடம் மாற முடியாது. டேட்டாவைப் படிக்கும் வேகம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இப்போது ஆடிட்டரின் ஃபோல்டருக்கு வருவோம். 38 ஜிபியை நாலு லட்சத்தால் வகுத்தால் ஒரு ஃபைலுக்குச் சுமார் 95 கேபி. நொடிக்கு நூறு எம்பி வேகத்தில் 95 கேபியைப் படிக்க ஆகும் நேரம் ஒரே ஒரு மில்லி செகண்டு. ஆனால் அந்த ஃபைலைக் கண்டுபிடிக்க ஹெட் குறைந்தது இரண்டு இடத்துக்குப் போகிறது. என்.டி.எஃப்.எஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்.எஃப்.டி என்ற பதிவேட்டில் 1,024 பைட்டில் ஒரு பதிவு இருக்கும். பெயர், தேதி, யார் திறக்கலாம், டேட்டா தட்டில் எங்கே கிடக்கிறது எல்லாம் அதில்தான். முதலில் அங்கே போக வேண்டும், பிறகு டேட்டா இருக்கும் இடத்துக்கு. இரண்டு பதின்மூன்று இருபத்தாறு. இந்தப் பக்கம் புது டிஸ்க்கில் பதிவு போடும் வேலையும் சேர்ந்து முப்பது, முப்பத்துமூன்று மில்லி செகண்டு. நொடிக்கு முப்பது ஃபைல். முப்பதை 95 கேபியால் பெருக்கினால் 2.85 எம்பி. திரையில் தம்பி பார்த்த எண் அதுதான். முப்பத்துமூன்று மில்லி செகண்டில் ஒன்றே ஒன்றுதான் உருப்படியான படிப்பு, மீதி முழுக்க அலைச்சல்.

கல்யாண வீடியோக்காரரின் 38 ஜிபி ஒரே ஃபைலாக, தட்டில் பெரும்பாலும் தொடர்ச்சியாகக் கிடக்கும். ஒருமுறை போய் உட்கார்ந்தால் போதும்; 380 செகண்டு, ஆறரை நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆடிட்டருக்கு நாலு லட்சத்தை முப்பதால் வகுத்துப் பாருங்கள்: 13,333 செகண்டு. மூன்று மணி நாற்பது நிமிடம்.

எழுதும் பக்கத்தின் வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை கிரவுண்டு மனையைப் பதிந்தாலும் ஐம்பது ஏக்கரைப் பதிந்தாலும் டோக்கன், சரிபார்ப்பு, கைரேகை, கையெழுத்து எல்லாம் ஒன்றுதான். ஃபைலும் அப்படியே. புது ஃபைல் ஒன்று உருவாகும்போது அந்த ஃபோல்டரில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.எஃப்.டியில் காலி இடம் எடுத்துப் பதிவு போட வேண்டும். ஃபோல்டரின் அட்டவணையில் பெயரை அகர வரிசையில் சொருக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் குழம்பிவிடாமல் இருக்க, செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு லாக்கில் குறிக்க வேண்டும். எந்தெந்த கிளஸ்டர் காலி என்ற வரைபடத்தைத் திருத்த வேண்டும். அதன் பிறகுதான் டேட்டா. கடைசியில் பழைய தேதியை மறுபடி பதிந்து மூட வேண்டும். விண்டோஸ் இவற்றில் பலவற்றை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவதால்தான் முப்பதாவது ஓடுகிறது. அந்தச் சலுகை இல்லாத இடங்களும் உண்டு, வருகிறேன்.

திரும்ப அந்த டிஸ்க்குக்கு. மூன்றே முக்கால் மணி நேரம் என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. நலிந்த டிஸ்க்கின் ஹெட்டை அத்தனை நேரமும் தட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் லட்சக்கணக்கான தடவை ஓட விடுவதுதான் ஆபத்து. நடுவில் படிக்க முடியாத ஃபைல் வந்தால் விண்டோஸ் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். காப்பியை நிறுத்தச் சொன்னேன்.

அதற்குப் பதில் முழு டிஸ்க்கையும் எடுத்தோம். 38 ஜிபி வேண்டியவருக்கு 500 ஜிபியையும் எடுப்பதாவது என்று ஆடிட்டர் முகம் சுருங்கியது. "சார், காலி இடத்தையும் சேர்த்தா காப்பி பண்ணப் போறீங்க?" என்றார். ஆமாம், காலி இடத்தையும் சேர்த்துத்தான். ஃபைல் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை வரிசையாகப் படித்தால் ஹெட் துள்ள வேண்டியதே இல்லை. வெளித்தடங்களில் நொடிக்கு நூற்றுமுப்பது எம்பி போல வரும், உள்ளே போகப் போகப் பாதியாகக் குறையும். சராசரி நூறு என்று வைத்தால் 500 ஜிபிக்கு 5,000 செகண்டு. ஒரு மணி இருபத்துமூன்று நிமிடம். பதின்மூன்று மடங்கு அதிக டேட்டா, பாதிக்கும் குறைவான நேரம்.

லினக்ஸ் போட்ட பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, ஆடிட்டரின் டிஸ்க்கை யு.எஸ்.பி பெட்டியில் போடாமல் நேராக சாட்டா கேபிளில் மாட்டினேன். பழைய யு.எஸ்.பி 2.0 பெட்டியாக இருந்தால் நொடிக்கு முப்பது எம்பியோடு நின்றுவிடும். முழு டிஸ்க்குக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் போட்ட கணக்கே தலைகீழாகியிருக்கும். ஓட்டியது இந்த இரண்டு வரிதான்:

```
ddrescue -d -n /dev/sdb audit.img audit.map
ddrescue -d -r2 /dev/sdb audit.img audit.map
```

முதல் வரி, சுலபமாகப் படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடம் வந்தால் அதை `audit.map` ஃபைலில் குறித்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது வரி, விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்ப வந்து இரண்டு தடவை முயன்று பார்க்கும். டிஸ்க் செத்துப்போவதென்றால் அதற்குள் பெரும்பங்கு நம் கைக்கு வந்திருக்கும். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. இந்த வேலையில் `/dev/sdb` எது என்று மூன்று முறை பார்த்துவிட்டு எண்டர் தட்ட வேண்டும். எதிலிருந்து, எதற்கு என்பது மாறிப்போனால் மீட்க எதுவும் மிஞ்சாது.

அதன் பிறகு அந்த இமேஜைத் திறந்து நாலு லட்சம் ஃபைலையும் தனித்தனியாக வெளியே எடுத்தாக வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும். இமேஜ் கிடப்பதும் சுற்றும் டிஸ்க்கில்தானே. ஆனால் இப்போது அலைவது நல்ல டிஸ்க்கின் ஹெட். ராத்திரி போட்டுவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். படிக்கவே முடியாமல் போன செக்டர்கள் எந்த ஃபைலுக்குள் விழுந்தன என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இமேஜில் அந்த ஓட்டைகளை மட்டும் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். பிறகு எல்லா ஃபைலிலும் அந்தச் சொல்லைத் தேடினால் அடிபட்டவை மட்டும் மாட்டும். ஆடிட்டருக்கு இருபதுக்கும் குறைவான ஸ்கேன்கள் போயின. கட்சிக்காரர்களிடம் மறுபடி வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து டிஸ்க் எதுவாக இருந்தாலும் முதலில் ஃபைல் எண்ணிக்கையைப் பார்க்கிறேன். எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி, டிஸ்க்கும் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் இமேஜ் எடுப்பதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும். சில ஆயிரம் ஃபைல் என்றால் சாதாரணக் காப்பியே போதும். 4 டிபி டிஸ்க்கில் நூறு ஜிபிதான் இருக்கிறது என்றால் காலி இடத்தைச் சுரண்டுவது வீண். அப்போது கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முன்னே ஒரு சலுகை என்று சொன்னேனே, அது இல்லாத இடம் பென்டிரைவ். எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவார்கள் என்று தெரிந்தே விண்டோஸ் பென்டிரைவுக்கு எழுதும்போது எதையும் நினைவகத்தில் சேர்த்துவைப்பதில்லை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி ஹார்டு டிஸ்க்குகளுக்கும் இதுவே இயல்பான ஏற்பாடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் பதிவுகள் அங்கேயே, அப்போதே எழுதப்படும். பென்டிரைவில் சுற்றும் தட்டு இல்லையே, பிறகு என்ன சிரமம் என்று கேட்கலாம். ஃபிளாஷ் சிப்பில் நாலு கேபியை மட்டும் அழித்து எழுத முடியாது. அழிப்பது பெரிய பெரிய தொகுதியாகத்தான். மலிவு பென்டிரைவில் ஒரு சின்னப் பதிவை மாற்ற ஒரு முழுத் தொகுதியையே வேறிடத்தில் எழுத நேரும். ஒரே சினிமாவை நொடிக்கு இருபது எம்பியில் விழுங்கும் பென்டிரைவ், ஒரு டி.டி.பி கடையின் எழுத்துரு ஃபோல்டரைக் கொடுத்தால் நொடிக்குச் சில ஃபைல் என்று திணறுவது இதனால்தான்.

எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இன்னொரு கூத்தும் உண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸ் அதில் ஃபார்மேட் செய்தால் கிளஸ்டர் அளவு வழக்கமாக 128 கேபி. இரண்டு கேபி ஃபைலுக்கும் 128 கேபி ஒதுக்கிவிடும். அப்படி ஒரு லட்சம் ஃபைல் இருந்தால் உள்ளே இருப்பது 200 எம்பிதான். டிரைவில் அது பிடிக்கும் இடம் 12 ஜிபிக்கு மேல். சேலையூரிலிருந்து வந்த ஒரு புரோகிராமர் பையன் 64 ஜிபி பென்டிரைவை நீட்டி, "டூப்ளிகேட் சார், பத்து ஜிபி போடறதுக்குள்ள ஃபுல்லுங்குது" என்றான். டிரைவ் அசல்தான். அவன் போட்டது `node_modules` ஃபோல்டர்கள். பிராப்பர்ட்டீஸில் Size என்பதையும் Size on disk என்பதையும் அருகருகே காட்டியதும் பையன் மேற்கொண்டு பேசவில்லை.

எஸ்.எஸ்.டி வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஹெட்டின் அலைச்சல் ஒழிந்தது, உண்மை. பதிவு போடும் வேலை ஒழியவில்லை. அத்துடன் விண்டோஸில் ஃபைல் திறக்கும்போதும் எழுதி மூடும்போதும் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்கும். பெரிய ஃபைல் ஒன்றுக்கு ஒருமுறை; நாலு லட்சத்துக்கு நாலு லட்சம் முறை. எங்கே நேரம் போகிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருக்கிறது, ஆனால் வேகம் ஒன்றிரண்டு எம்பிதான் என்றால் ஹெட் அலைகிறது. டிஸ்க் சும்மா இருந்து, பட்டியலின் உச்சியில் Antimalware Service Executable உட்கார்ந்திருந்தால் பரிசோதனைதான் இழுக்கிறது. டிஸ்க்கும் சும்மா, பிராசசரும் சும்மா, ஆனாலும் காப்பி நகரவில்லை என்றால் நெட்வொர்க்கின் இரண்டு முனைகளும் ஒன்றின் பதிலுக்கு மற்றொன்று காத்திருக்கின்றன.

அந்த மூன்றாவது வகையை அதே ஆடிட்டரிடமே பின்னால் பார்த்தேன். கோயம்புத்தூரில் கூட்டாளி ஒருவருடன் ஆபீஸ் திறந்து, இரண்டையும் வி.பி.என்னில் இணைத்திருந்தார். ஃபோல்டரை இங்கிருந்து அங்கே காப்பி போட்டால் நகரவில்லை. நெட் கனெக்‌ஷனை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200-க்கு உயர்த்திப் பணம் கட்டினார்; நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஒரு செய்தி போய்ப் பதில் வர 20 மில்லி செகண்டு ஆனது. ஒரு ஃபைலுக்குத் திற, விவரம் சொல், எழுது, தேதி போடு, மூடு என்று ஐந்து முறையாவது போய்வர வேண்டும். ஆக, ஃபைலுக்கு நூறு மில்லி செகண்டு வெறும் பேச்சுவார்த்தையிலேயே போகிறது. நாலு லட்சத்துக்கு 40,000 செகண்டு, பதினோரு மணி நேரம். பைப்பை அகலமாக்கினால் இது குறையாது. ஒரே சமயத்தில் பல பேச்சுகள் நடந்தால் குறையும்:

```
robocopy E:\Audit \\KOVAI\Audit /E /MT:16 /R:1 /W:1
```

`/MT:16` என்றால் பதினாறு ஃபைல்களை ஒரே நேரத்தில் அனுப்பு என்று பொருள். ஒன்று பதிலுக்குக் காத்திருக்கும்போது மற்ற பதினைந்தும் வேலை செய்யும். நெட்வொர்க்கிலும் எஸ்.எஸ்.டியிலும் இது நன்றாகப் பலன் தரும். சுற்றும் டிஸ்க்கில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இருப்பது ஒரே கை, பதினாறு பேர் இழுத்தால் சில சமயம் இன்னும் மோசமாகும். `/R:1 /W:1` போடாமல் மட்டும் ஓட்டாதீர்கள். ரோபோகாப்பியின் இயல்பான ஏற்பாட்டில், காப்பியாகாத ஒரு ஃபைலைப் பத்து லட்சம் தடவை, தடவைக்கு முப்பது செகண்டு இடைவெளி விட்டு முயலும். யாரோ திறந்துவைத்திருக்கும் ஒரே ஒரு எக்செல் ஃபைல் போதும், ராத்திரி முழுக்க அங்கேயே நிற்க.

இதைவிடச் சுத்தமான வழி, அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டுவது. யூனிக்ஸில் 1979 முதலே `tar` என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. அந்தக் காலத்தில் டேப்பில் எழுத. இப்போது விண்டோஸ் 10, 11-லும் உள்ளேயே வருகிறது. பெரிய இடங்களுக்கும் இதே தொல்லை வந்திருக்கிறது. ஃபேஸ்புக் இன்ஜினியர்கள் 2010-இல் ஹேஸ்டாக் என்ற தங்கள் ஏற்பாட்டைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு போட்டோவும் ஒரு ஃபைலாக இருந்தபோது, படத்தைப் படிப்பதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று தேடவே டிஸ்க் பல தடவை அலைந்தது. அதனால் லட்சக்கணக்கான படங்களை ஒரே பெரிய ஃபைலில் அடுக்கி, எந்தப் படம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை நினைவகத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒரு படத்துக்கு ஒரு அலைச்சல்.

கட்டுவதில் ஒரு வரம்பும் உண்டு. மூட்டை கட்டும்போது அந்த நாலு லட்சத்தையும் ஒருமுறை படித்தே ஆக வேண்டும். படிக்கும் பக்கத்து அலைச்சல் எங்கும் போய்விடாது. எழுதும் பக்கத்திலும் வழியிலும்தான் மிச்சம். ஒரே ஒருமுறை காப்பி செய்யப்போகிறவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. மாதாமாதம் பேக்கப் எடுக்கிறவருக்கு உண்டு.

ஆடிட்டருக்கு அந்த ஏற்பாட்டைத்தான் செய்து கொடுத்தேன். கணக்கு முடிந்த வருடங்களை ஒரு கட்சிக்காரருக்கு, ஒரு வருடத்துக்கு ஒரு ஜிப் என்று கட்டிவிட்டோம். நடப்பு வருடம் மட்டும் பிரிந்து கிடக்கும். ஸ்கேன் எல்லாம் ஜேபெக்; ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருங்காது. அதனால் 7-Zip-இல் சுருக்காமல் Store என்று தேர்ந்தெடுத்துக் கட்டினோம், நேரம் மிச்சம். `tar` வேண்டாம் என்று ஜிப்பைத் தேர்ந்ததற்குக் காரணம், ஜிப்பின் கடைசியில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் இருக்கும்; நடுவில் ஒரு பில் மட்டும் வேண்டுமென்றால் நேராகப் போய் எடுக்கலாம். `tar`-இல் முதலிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். அதே பட்டியல்தான் ஜிப்பின் பலவீனமும். காப்பி முடியும் முன் பென்டிரைவைப் பிடுங்கினால் பட்டியல் போய்விடும், ஜிப் திறக்காது. எல்லாவற்றையும் ஒரே பிரம்மாண்டமான ஜிப்பாகக் கட்டாமல் வருடவாரியாகப் பிரித்தது இதற்காகத்தான். ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும்.

நாலு லட்சம், சில நூறு ஜிப்புகளாகவும் நடப்பு வருடத்தின் முப்பதாயிரம் சில்லறை ஃபைல்களாகவும் இறங்கியது. பேக்கப் அரை மணி நேரத்துக்குள் முடிகிறது. அதிலும் பாதிக்கு மேல் அந்த முப்பதாயிரத்துக்கே போகிறது. ஆடிட்டருக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பழைய பில்லை ஜிப்புக்குள் திறந்து, அதில் திருத்தி சேவ் செய்தால் சில சமயம் திருத்தம் உள்ளே போய்ச் சேர்வதில்லை என்கிறார். முடிந்த வருடத்துப் பில்லை எதற்கு சார் திருத்தணும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அந்த மாத பில் தொகையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.